மேலே இருக்கும் கேமரா

"உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் ஸ்கூல்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று அத்தை ஒருமுறை அவளைக் கேட்டிருக்கிறாள். வீடு நிறைய ஆட்கள் இருந்த நேரம். சிரிக்காதவர்கள் பாக்கியில்லை. அன்றிலிருந்து அவள் பெயர் ஊமச்சி.

அதே அத்தைதான் இப்போது அவள் வாயை நம்பி உட்கார்ந்திருந்தாள்.

அத்தைக்கு வேறோர் ஊரில், பெண்கள் விடுதியில் சமையல் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. போன் அடித்தால் எடுப்பாள். படத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பாள். மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டப் பேசி அனுப்புவாள். அவ்வளவுதான் அவள் போன் ஞானம். அவளுடைய ஒரே மகள், வாலு என்று எல்லாரும் கூப்பிடுகிறவள், தூரத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருந்தாள். லீவு நாள் வந்தால் வீடியோவில் வந்து பல்லைக் காட்டுகிறவள், கொஞ்ச நாளாகக் குரலை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தாள். கேமரா ரிப்பேர் என்றாள். அத்தை அதை நம்பவில்லை. மகள் எதையோ மறைக்கிறாள், தானே திடுதிப்பென்று வீடியோவில் கூப்பிட்டு அவள் முகத்தைப் பார்த்தாக வேண்டும், எதை அமுக்குவது என்று சொல்லிக்கொடு என்று ஊமச்சிக்கு வாய்ஸ் நோட் அனுப்பினாள்.

நானே கூப்பிட்டு மூன்று பேரையும் ஒரே காலில் சேர்த்துவிடட்டுமா என்று ஊமச்சி கேட்டுப் பார்த்தாள். "நடுவுல நீ வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க. நீ அவளுக்கு முன்னாடியே தகவல் குடுத்துடுவே" என்று பதில் வந்தது.

அத்தை சொன்னதில் பாதி உண்மை. வாலுவுக்கு என்ன ஆயிற்று என்று ஊமச்சிக்குத் தெரியும். கொதிக்கிற எண்ணெய் தெறித்து இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை வெந்துபோயிருந்தது. தோல் ஆறியதும் நானே சொல்கிறேன், அதுவரை அம்மாவிடம் மூச்சு விடாதே என்று வாலு சத்தியம் வாங்கியிருந்தாள். வாயால் சொன்னால்தானே சத்தியம் போகும், பட்டனைக் காட்டிக்கொடுத்தால் போகாதே என்று ஊமச்சி கணக்குப் போட்டாள். அத்தை தானாகப் பார்த்துக்கொண்டால் தன் நெஞ்சிலிருக்கும் கல்லும் இறங்கிவிடும்.

அவள் வேலை பார்த்தது ஒரு தையல் கடையில். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பது, ஓரம் மடித்து அடிப்பது. எழுதிவைத்துக்கொள்ளாமல் பேசினால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் அளவு வெட்டும் பழுப்புத் தாளின் துண்டு ஒன்றில் எழுதினாள்:

"அத்தை, முதல்ல வாட்ஸப்பத் திறங்க. வாலு படத்தத் தொடுங்க. மேல அவ பேர் வரும். பேருக்கு வலது பக்கம் ஒரு கேமரா இருக்கும். அத அமுக்குங்க. ஒரு கேள்வி கேக்கும். அதுல வலது பக்கம் இருக்கறத அமுக்குங்க. மணி அடிக்கும். அப்புறம் போன முகத்துக்கு நேரா புடிங்க."

துணி மாற்றிப் பார்க்கும் மறைப்புக்குள் போய், திரையை இழுத்துவிட்டுப் பதிவு செய்தாள். பாதியில் விரல் நழுவி, "மேல அவ" என்பதோடு நோட்டு போய்ச் சேர்ந்துவிட்டது. அதை அழித்துவிட்டு மறுபடி பேசினாள். வெளியே தையல் மாஸ்டர், உள்ளே யாருக்கும்மா கச்சேரி என்றார்.

அத்தையின் பதில் உடனே வந்தது. நீ சொல்லும்போதெல்லாம் போன் செத்துப்போகிறது, திரை கறுப்பாகிவிடுகிறது, உன் குரலுக்கே அப்படி ஒரு ராசி. ஊமச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. காஜா ஊசி துணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. அத்தை போனைக் காதில் வைத்துக் கேட்கிறாள். காதில் வைத்தால் திரை அணைந்துபோகும். அணைந்த திரையில் எதைப் பார்த்து எதை அமுக்குவது?

இரண்டாவது நோட்டை, "போனக் காதுல வைக்காதீங்க, சமையல் மேடை மேல வச்சுக் கேளுங்க" என்று ஆரம்பித்தாள். இந்த முறை பதிலுக்குப் படங்கள் வந்தன. கரி பிடித்த கூரை. மின்விசிறியின் ஒரு இறக்கை. அத்தையின் மூக்குத் துவாரம். எழுதுகிற கட்டத்துக்குள் கீழே ஒரு கேமரா இருக்கிறது, அத்தை அதை அமுக்கிப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். கூடவே, நான் அமுக்கிட்டேன், அவளைக் காணோம், அவ எங்க போனா என்று ஒரு நோட்டு.

ஊமச்சிக்கு அழுகை முட்டியது. தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் இது நடக்காது போலிருந்தது. நீளமாகப் பேசுவதால்தான் அத்தை குழம்புகிறாள் என்று முடிவு செய்து, மூன்றாவது நோட்டில் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மேலே இருக்கும் கேமராவை மட்டும் வைத்தாள். "கீழ இருக்கற கேமரா வேண்டாம் அத்தை. மேல, பேருக்குப் பக்கத்துல மூக்கு நீட்டிக்கிட்டு ஒண்ணு இருக்கு பாருங்க. அது மட்டும்தான்."

அனுப்பிவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். போன் அதிர்ந்தது. வீடியோ கால். அத்தை.

துண்டித்தாள். மறுபடி அதிர்ந்தது. மறுபடி துண்டித்தாள். மாஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு ஒரு நோட்டு வந்தது. காதருகில் வைத்துக் கேட்டாள். "சொன்னத அப்படியே செஞ்சேன். அவளுக்கு அடிச்சா உனக்குப் போகுது. வேணும்னே தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கே. அவ சொல்லி வச்சிருக்கா, நீ செய்யுறே. என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?"

ஊமச்சிக்குக் காது சுட்டது. தப்பு எங்கே என்று இப்போது தெரிந்தது. அத்தை நோட்டைக் கேட்பது ஊமச்சியின் வாட்ஸப் பக்கத்தில். அங்கே மேலே இருக்கிற பேரும் ஊமச்சியுடையது. அந்தக் கேமராவை அமுக்கினால் ஊமச்சிக்குத்தான் மணி அடிக்கும். வெளியே போய் வாலுவின் படத்தைத் தொடும் படியை அவளே வெட்டி எறிந்திருந்தாள். மனசறிந்து அவள் செய்யாத ஒரே தப்பு அது. அதற்குத்தான் பழி வந்தது.

போன் மறுபடி அடித்தது. மறைப்புக்குள் ஓடிப்போய் எடுத்தாள்.

முதலில் காது. அத்தை பழக்கதோஷத்தில் காதில் வைத்திருந்தாள். தோட்டை ஆட்டிக்கொண்டு காது கத்தியது. ஊமச்சி கெஞ்சிய பிறகு முகம் வந்தது. போனை ஏதோ பாத்திரத்தில் சாய்த்துவைத்தாள் போலிருக்கிறது. நெற்றியில் வியர்வை, பின்னால் அடுப்பு.

"அத்தை, சத்தியமா வேணும்னு செய்யல. நீங்க என் பக்கத்துலயே நிக்கறீங்க. மேல இடது மூலையில ஒரு அம்பு இருக்கும், அத அமுக்கி வெளிய வந்து..."

"அம்பு கிடக்கட்டும். இங்க பாரு." அத்தை குனிந்து கிட்டே வந்தாள். "அவளுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல அத்தை."

இதையே வாய்ஸ் நோட்டில் சொல்லியிருந்தால் பொய் தெரிந்திருக்காது. அத்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் மூலையில் சின்னதாகத் தெரிந்த தன் முகத்தை ஊமச்சி அப்போதுதான் பார்த்தாள். தானாகவே அவள் கை ஏறி, இடது கன்னத்தைப் பொத்தியபடி இருந்தது.

"கன்னமா?" என்றாள் அத்தை.

ஊமச்சி கையைக் கீழே இறக்கினாள். அதற்குள் அத்தை பார்த்துவிட்டிருந்தாள்.

"சூடா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆறிட்டு வருது அத்தை, டாக்டர் பாத்துக்கறார், கண்ணுக்கு ஒண்ணும் இல்ல என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். எழுதிவைக்காமல் சொன்னாள். அத்தை கேட்டாளா என்று தெரியவில்லை. அடுப்பை அணைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்து மேடைமேல் போட்டாள்.

"அத்தை, அந்தச் சிவப்பு பட்டன அமுக்கிட்டு, வாலுவுக்கு நான் முதல்ல..."

அத்தை ஆணியில் தொங்கிய பையை எடுத்து, உள்ளே பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று பார்த்தாள். போனை எடுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. படத்தை விட்டு வெளியே போனாள்.