மனை கண்டறியப்படவில்லை

நில்டாவை வீட்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் சொல்லிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. அவளுடைய நுரையீரல் இனித் தேறாது. ஆனால் மூக்கில் குழாய் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம். ஆக்ஸிஜன் கருவியை மருத்துவமனையே தரும். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது.

"கருவி ராத்திரி பகலா ஓடணும், தியோபனெஸ் சார்," என்றாள் சமூகசேவைப் பிரிவுப் பெண். "உங்க வீட்டுக்குன்னு தனி மீட்டர் இருக்கணும். பக்கத்து வீட்டு ஒயரை நம்பி நாங்க குடுக்க மாட்டோம். நாளைக்கு அவங்க பிடுங்கிட்டா யாரு பொறுப்பு?"

ஒயர் விஷயத்தை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. எங்கள் மேட்டிலிருந்து வருகிற எல்லாரும் அப்படித்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

லீமா நகரத்தின் தெற்கு ஓரத்தில், மணல்மேட்டில் இருக்கிறது எங்கள் வீடு. கீழே சந்து முனையில் அக்ரிப்பினாவின் வீடு. அதுவரைக்கும்தான் மின்கம்பம் வந்திருக்கிறது. அவள் வீட்டிலிருந்து ஒரு ஒயர், கழிகளின் மேல் தொங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருகிறது. மாதாமாதம் அவளுக்குக் காசு கொடுக்கிறேன். அவள் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் எங்கள் பல்பு சிவந்துபோகும்.

மின் நிறுவனத்துக்கு விண்ணப்பம் கொடுத்தேன். அடையாள அட்டை, நகராட்சி தந்த குடியிருப்புச் சான்று, மனை எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம், மிக அருகில் இணைப்பு உள்ள வீட்டின் மின் ரசீது. ரசீதை அக்ரிப்பினாதான் கொடுத்தாள்.

"பத்திரமா திருப்பிக் குடுத்துடணும், வெசினோ. அதுல என் பேரு அழகா அச்சடிச்சிருக்கு. வேற எதுலயும் அப்படி இல்ல."

அவள் எல்லாரையும் வெசினோ என்றுதான் கூப்பிடுவாள், அண்டை வீட்டுக்காரன் என்று. சண்டை போடும்போதும் அப்படித்தான்.

இடத்தைப் பார்க்க ஆள் வருவார், அதற்குப் பிறகுதான் செலவுக் கணக்கு, மீட்டர் எல்லாம் என்றார்கள். வருகிறவர் குறை சொல்லக் கூடாது என்று முன்சுவருக்குச் சிமெண்டு பூசினேன். மீட்டர் பெட்டி வைக்க மாடம் விட்டேன். பச்சை வண்ணம் அடித்தேன். நில்டாவுக்குப் பிடித்த பச்சை.

பத்தாம் நாள் அலுவலகத்துக்குப் போனேன். சீட்டு எடுத்து, திரையில் என் எண் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். முகப்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள்.

"வந்துட்டுப் போயிட்டாங்களே, சார். செவ்வாய்க்கிழமை மூணு மணி. 'மனை கண்டறியப்படவில்லை'ன்னு இருக்கு. மனுவை மூடிட்டாங்க."

"மூடிட்டாங்கன்னா?"

"புதுசா குடுக்கணும். அதே காகிதங்க போதும்."

"வீடு அங்கேயேதானே இருக்கு, அம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை, இரக்கமும் இல்லை. அடுத்த எண் திரையில் வந்தது.

செவ்வாய் மூன்று மணிக்கு நான் நில்டாவின் கட்டிலருகே இருந்தேன். பார்வையாளர் நேரம் இரண்டிலிருந்து நான்கு. வீட்டுக்குத் திரும்பி, சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றேன். நிலம் அளந்தவர்கள் பழைய சுவரில் சிவப்பு மையில் 'கே தொகுதி, மனை 9' என்று எழுதிவைத்திருந்தார்கள். பச்சைக்கு அடியில் அது போய்விட்டது. எங்கள் சந்தில் மற்ற வீடுகளின் எண் எப்போதோ அழிந்துவிட்டது. ஒரு ஆள் வந்தால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாரைக் கேட்டிருப்பார்?

அக்ரிப்பினா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் கத்தி நின்றது.

"தலையில தொப்பி, கையில பலகை. தியோபனெஸ் வீடு எதுன்னு கேட்டான். ஒயரைத்தான் பாக்க வந்திருக்கான்னு நெனச்சேன், வெசினோ. கரண்டை வித்தா என் மீட்டரையும் பிடுங்கிடுவாங்கன்னு சொல்லிக்கிறாங்களே."

"அதனால?"

"ஒயரைக் கழட்டிச் சுருட்டிப் பின்னாடி ஒளிச்சேன். அப்படி ஒரு ஆளே இங்க இல்லைன்னேன்." கொஞ்சம் பொறுத்து, "மலைமேல ஆயாகுச்சோவுக்குப் போயிட்டாருன்னும் சொன்னேன்," என்றாள்.

"நானா?"

"நீங்கதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவளருகே செங்கல் மேல் உட்கார்ந்தேன். திட்ட வேண்டும் என்று தோன்றியது. அவளிடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் மறுபடி கத்தியை எடுத்தாள்.

புது மனு கொடுத்தேன். ஏழு வேலைநாளுக்குள் வருவார்கள், காலை எட்டிலிருந்து மாலை ஐந்துக்குள் எப்போது வேண்டுமானாலும். வருமுன் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன். குறித்துக்கொள்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றாள் அந்தப் பெண்.

சுவரில் இந்த முறை என் கையாலேயே எண் எழுதினேன், ஒரு முழ உயரத்துக்கு ஒவ்வொரு எழுத்தும். பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மருத்துவமனைக்குப் போக இரண்டு பேருந்து, இரண்டு மணி நேரம். போனால் வீட்டில் ஆளில்லை. போகாமலிருந்தால் அவளுக்கு ஆளில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது.

ஆள் வந்தால் வீட்டைக் காட்டும்படி அக்ரிப்பினாவிடம் சொல்லிவிட்டு நான் போகலாம்தான். அவளே, "தாராளமா போங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் போகவில்லை. ஏன் என்று அவளுக்குப் புரிந்தது. மத்தியானம் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மாலையில் அடுத்த கட்டில்காரியின் தொலைபேசியிலிருந்து நில்டா கூப்பிடுவாள். ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்குவாள்.

"இன்னைக்கும் வரலையா?"

"இல்ல."

"சாப்பிட்டியா?"

"சூப்."

பிறகு அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். தொலைபேசிக்காரி, "என் பேலன்ஸ் தீருது, காதலர்களே" என்று பின்னாலிருந்து கத்துவாள்.

ஆறாம் நாள் காலை பதினோரு மணிக்கு மின் நிறுவனத்து ஆள் வந்தார். இளைஞர். எண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

"விமானத்துல இருந்தே தெரியும் போலிருக்கே, சார்."

மாடத்தை அளந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "பெட்டி வைக்க இடம் ரொம்ப நல்லா விட்டிருக்கீங்க. இவ்வளவு நேர்த்தியா யாரும் செய்யறதில்ல." பிறகு அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, சந்தில் இறங்கிக் கம்பத்தடிக்கு நடந்தார். நாடா தீர்ந்தது. அங்கே ஒரு கோடு கிழித்து மறுபடி அளந்தார். அக்ரிப்பினா கதவோரம் நின்று பார்த்தாள்.

"அறுபத்தெட்டு மீட்டர்," என்றார் திரும்பி வந்து. "முப்பதுக்குள்ள இருந்தா நேரா இழுத்துடலாம். இதுக்கு ரெண்டு கம்பம் நடணும். லைனை நீட்டிக்கிற வேலை. அது வேற பிரிவு, வரைபடம் போட்டு அனுமதி வாங்கணும்."

"எத்தனை நாள்?"

"மாசக்கணக்குதான், சார். வருஷம்கூட ஆகலாம். உங்க சந்துல இன்னும் நாலு பேர் சேந்து கேட்டா கொஞ்சம் நகரும்."

"என் மனைவிக்கு ஆக்ஸிஜன்..." என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "டாக்டர் சீட்டை மனுவோட வைங்க. நானும் குறிப்புல எழுதறேன்." எழுதினார். எழுதியதை எனக்குக் காட்டினார். கையெழுத்து வாங்கிக்கொண்டு நகலைக் கிழித்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம் போகாமல் நின்றார். பிறகு போய்விட்டார்.

மூன்று மணிக்கு நான் மருத்துவமனைக் கூடத்துக்குள் நுழைந்தபோது நில்டா எழுந்து உட்கார முயன்றாள். ஆறு நாளில் கன்னம் இன்னும் உள்ளே போயிருந்தது.

"நீ இங்க வந்துட்டேன்னா, அவன் வந்துட்டுப் போயிட்டான்னு அர்த்தம்."

"வந்தான்."

"என்ன சொன்னான்?"

நகல் சட்டைப்பைக்குள் இருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பெட்டிக்கு விட்ட இடம் ரொம்ப நல்லா இருக்காம். இவ்வளவு நேர்த்தியா யாரும் செய்யறதில்லையாம்."

அவள் கண்ணை மூடிச் சிரித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"கட்டிலை ஜன்னல்கிட்ட போடாத, தியோ. அங்க பனி இறங்கும். உள்சுவரோரம் போடு. பிளக்கு என் கைக்கு எட்டற மாதிரி வை."

"சரி."

"ரெண்டு பிளக்கு. ஒண்ணுல ரேடியோ."

"சரி," என்றேன். அவள் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தாள், ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.