வெள்ளைக் கோடு

மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நான் ஊர் திரும்பியபோது, வாசலில் பையை வைத்த கையோடு நர்சரிக்குள் போனேன். போகும் வழியிலேயே என் ஓரகத்தி எதிரே வந்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அவள் என் கொழுந்தன் மனைவி. எங்கள் நர்சரியில் காய்கறி நாற்று, பூ நாற்று எல்லாம் அவள் பொறுப்பு. வாங்க வருகிறவர்கள்கூட அவளை நாற்றுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இப்ப பாருங்கக்கா," என்றாள்.

பார்த்தேன். மண் கலக்கும் கொட்டகைக்குப் பின்னால், தடித்த நிழல்வலைக்கு அடியில், நார் சுற்றிய கம்பைப் பிடித்துக்கொண்டு என் மணி பிளான்ட் என் உயரத்துக்கு ஏறியிருந்தது. ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தட்டு அகலம். எல்லாம் பச்சை. ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

ஒரு இலையைப் புரட்டி அடிப்பக்கத்தையும் பார்த்தேன். அங்கும் பச்சைதான்.

அந்தச் செடி எனக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். நர்சரி என் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்துவது. கொட்டகை அவர்களுடையது, தண்ணீர்த் தொட்டி அவர்களுடையது, பெயர்ப்பலகையும் அவர்களுடையது. சில வருடங்களுக்கு முன்னால், விற்பனைக்கு வைத்திருந்த சாதாரணப் பச்சை மணி பிளான்ட்டுகளில் ஒன்றில், ஒரே ஒரு இலையில், பால் சிந்தியது போல வெள்ளை இருப்பதை நான்தான் பார்த்தேன். அந்த இலைக்குக் கீழே வெட்டி வேர்விட வைத்தேன். பச்சையாக வந்த கிளையை எல்லாம் வெட்டி, வெள்ளை கலந்து வந்ததை மட்டும் விட்டு, மறுபடி வெட்டி, கடைசியில் பாதி வெள்ளை பாதி பச்சையாக இலை விடும் ஒரு செடியைக் கொண்டுவந்தேன். இந்த இடத்தில் என்னுடையது என்று நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அதிலிருந்து கூடுதலாக ஒரு செடி எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எடுத்தேன். அழகுக்கு ஆசைப்பட்டு, முழு வெள்ளையாக வந்த கிளைகளைப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். வேர்விட்ட கொஞ்ச நாளில் அவை வாடிப்போயின. பச்சையே இல்லாத இலை தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ள முடியாது. தாய்ச்செடியோடு இருக்கும்வரைதான் அதற்குப் பிழைப்பு.

நாற்றுக்காரி என்ன செய்தாள் என்பதை அவளே பெருமையாகச் சொன்னாள். கோடையில் வெள்ளைப் பகுதிகளின் ஓரம் பழுப்பாகக் கருகியதாம். பதறிப்போய், கருகிய இலைகளை எடுத்துவிட்டு, இந்த இருட்டு மூலைக்கு மாற்றினாளாம். அதன்பிறகு வந்த இலைகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பச்சை.

"பக்கத்துல ரெண்டு மூணு குருத்து சோகை பிடிச்ச மாதிரி வெளுத்துப்போய் வந்துச்சுக்கா. கிள்ளிப் போட்டுட்டேன். அப்புறம் பாருங்க, என்னமா ஏறிடுச்சு."

நாற்றுத் தட்டில் அவள் தினமும் செய்வது அதுதான். நோஞ்சானைக் கிள்ளு, வாட்டசாட்டமானதை விடு. கத்தரி நாற்றுக்கு அது சரி. என் செடிக்கு அது கழுத்தை நெரிப்பது. வெளிச்சம் குறைந்தால், வெள்ளை கலந்த கிளை பாதி வயிற்றோடுதான் கிடக்கும். பச்சைக் கிளை இருக்கிற வெளிச்சத்தை எல்லாம் விழுங்கி முந்திக்கொள்ளும். பச்சையை வெட்டாமல் விட்டால் போதும், வெள்ளை தானாகவே தோற்றுவிடும். இவளோ தோற்றுக்கொண்டிருந்ததைக் கையாலேயே கிள்ளிப்போட்டிருக்கிறாள்.

எனக்கு நாக்கு நீளம் என்று வீட்டில் பெயர். அன்று அவளைத் திட்டாமல், நீ கிள்ளிப்போட்ட வெளுத்த குருத்துதான் என் செடி என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ராத்திரி என் கணவர் சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று, இலை என்றால் பச்சையாகத்தானே இருக்கும் என்றார். அவருக்குத் தோசைக்குத் தொட்டுக்கொள்ள எதுவும் வைக்காமல் எழுந்து போனேன்.

காலையில் கத்தியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டு செடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். நாற்றுக்காரி கூப்பிடாமலேயே வந்து பக்கத்தில் குந்தினாள். இலையைப் பார்த்துப் பயனில்லை, தண்டைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். தண்டில் வெள்ளைக் கோடு ஓடினால், அந்தக் கோடு தொடுகிற கணுவில் இருக்கும் மொட்டிலிருந்து வெள்ளை கலந்த கிளை வர வழி உண்டு. கோடு நின்றுபோன இடத்துக்கு மேலே வருவது எல்லாம் பச்சைதான்.

உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தோம். பச்சை. இன்னும் பச்சை. பாதிக் கம்பு தாண்டியும் பச்சை. இனி இல்லை என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் விடவில்லை. தொட்டி விளிம்போடு முகத்தை வைத்து, முளைக்காத விதையைத் தேடுகிறவள் போலத் தேடினாள்.

"அக்கா, இங்க."

மண்ணுக்குக் கொஞ்சம் மேலே, தண்டின் ஒரு பக்கத்தில், நூல் தடிமனில் ஒரு வெள்ளைக் கோடு. அது அடிக் கணுவின் மொட்டை நேராகத் தொட்டது. அதற்கடுத்த கணுவின் ஓரத்தை உரசியபடி மங்கிப் போனது. அடிக் கணுவில், பெரிய இலைகளுக்கு அடியில் மறைந்து, பழைய இலை ஒன்று, வெள்ளைத் திட்டோடு, இன்னும் உயிரோடு இருந்தது.

"ரெண்டாவது கணுவுக்கு மேல வெட்டணும்," என்றேன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். நாலு மாதம் தண்ணீர் ஊற்றி, இலை இலையாகத் துடைத்து வளர்த்தது. "இவ்வளவையும் வெட்டினா செத்துடாதாக்கா?"

வேர் பலமாக இருக்கிறது, அதை நீதான் பலமாக்கியிருக்கிறாய் என்றேன். கோபத்தோடுதான் சொன்னேன், ஆனால் உண்மை. கத்தியை அவளிடம் நீட்டினேன். ஒரே வெட்டு. பச்சைக்கொடி முழுதும் அவள் தோளில் சாய்ந்தது.

அந்தக் கொடியைத் துண்டு போட்டு, சாதாரண மணி பிளான்ட்டாக விற்பனை வரிசையில் வைத்தாள். மிச்சமிருந்த கட்டையைக் கிழக்குப் பக்கம், மெல்லிய வலைக்கு அடியில் மாற்றினோம். இளவெயில் மட்டும் படும், மற்ற நேரம் நல்ல வெளிச்சம் இருக்கும், உச்சி வெயில் வெள்ளையைக் கருக்காது. அதன்பிறகு காத்திருந்தோம். எங்களுக்குள் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை.

மேல் கணுவின் மொட்டுதான் முதலில் முளைவிட்டது. கொழுகொழுவென்று ஒரு குருத்து. பிரிகிறவரை பொறுத்துப் பார்ப்போம் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு விட்டேன். ஒரு நாள் காலையில் போனபோது நாற்றுக்காரி எனக்கு முன்னால் அங்கே நின்றிருந்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அந்தக் குருத்து அதில் கிடந்தது, நல்ல பச்சையாக.

"பிரிஞ்சுடுச்சுக்கா. ஒரு கோடுகூட இல்ல. அடியோட எடுத்துட்டேன்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நல்ல குருத்து," என்றாள். கண் நிறைந்திருந்தது. நோஞ்சானைத் தவிர வேறெதையும் கிள்ளாத கை அது. அவள் தோளில் கை வைக்க வேண்டும் போலிருந்தது. வைக்கவில்லை. இன்னும் ஒரு மொட்டுதான் பாக்கி.

அது எங்களை நன்றாகவே இழுத்தடித்தது. பிறகு ஊசி முனையாக வெளியே வந்து, சுருள் சுருளாக மெல்லப் பிரிந்தது. கட்டை விரல் அகலம்கூட இல்லாத இலை. ஒரு பாதி வெள்ளை. மறு பாதி பச்சை, அதிலும் வெள்ளைத் தெறிப்பு. குருத்தின் தண்டைத் திருப்பிப் பார்த்தேன். கோடு அகலமாகவே ஓடியது.

நாங்கள் இரண்டு பேரும் குனிந்திருப்பதைப் பார்த்து என் கணவர் வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன இது, சோகை பிடிச்ச மாதிரி? இதுக்கா இவ்வளவு நாள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாற்றுக்காரி நிமிர்ந்தாள். அவர் எதிரே குரலை உயர்த்தி அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"அத்தான், வெளிச்சத்தை மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை நாள் நெஞ்சில் கட்டி வைத்திருந்த கோபமும் அதோடு போனது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன்.