கிருபாவதி கொடுத்த எண்ணெய்

கராடியின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் அகல்யா குடிவந்த நாள் முதல் அடுத்த வீட்டு கிருபாவதியிடம் ஒரே பேச்சுதான்.

"ரீஃபைண்ட் எண்ணெயில சத்தே இல்லீங்க டீச்சர். நாங்க மரச்செக்கு கடலையெண்ணெய்தான்."

"அரே, அதுக்கு ரெட்டிப்பு விலை கேக்குறான். ரெண்டும் கொழுப்புதானேம்மா, கம்மியா ஊத்தினா போதும்" என்று சிரிப்பார் கிருபாவதி. கன்டோன்மென்ட் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர்.

அவர் மகள் ஃபேபியோலாவின் பிறந்தநாளுக்கு வடை சுட்டுத் தருவதாக அகல்யா ஏற்றுக்கொண்டாள். கிருபாவதி சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட்டை நீட்டினார்.

"இதுலயே பொரிச்சுடு. ஃபேபிக்கு வேர்க்கடலை ஆகாது, ஞாபகம் வச்சுக்கோ."

அகல்யா மறக்கவில்லை. சட்னியில் கடலை சேர்க்காமல் தேங்காய் மட்டும் அரைத்தாள். ஆனால் வடைக்கு அந்தப் பாக்கெட்டைப் பிரிக்க மனம் வரவில்லை. பிறந்தநாளும் அதுவுமாக நல்ல எண்ணெயில் சாப்பிடட்டுமே என்று தன் செக்கெண்ணெயை வாணலியில் ஊற்றினாள். வீடே மணத்தது. அது வேர்க்கடலையின் மணம் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை.

தட்டைக் கொண்டுபோனபோது கதவைத் திறந்தவள் ஃபேபியோலா. நின்றபடியே ஒன்றைக் கடித்தாள். "சூப்பர்க்கா! எங்கம்மா வடை இப்படி இருக்காது."

சற்று நேரத்தில் அவள் உதடு தடித்தது. கழுத்தெல்லாம் சிவப்புத் திட்டுகள். மூச்சு இழுத்தது. கிருபாவதி ஓடிவந்தார்.

"எந்த எண்ணெய், அகல்யா?"

"நீங்க கொடுத்ததுதாங்க."

எப்படி அந்தப் பொய் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அகல்யாவின் கணவன் முகுந்த் காரை எடுத்தான். வழி முழுக்க ஃபேபியோலாவின் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மருத்துவமனை வாசலில் அகல்யா உடைந்தாள்.

"டாக்டர், கடலையெண்ணெய். மரச்செக்குல ஆட்டினது."

தொடையில் ஊசி போட்டார்கள். திணறல் மெல்ல அடங்கியது. டாக்டர் வெளியே வந்து சொன்னார்: "அலர்ஜி கடலையோட புரதத்துக்கு. நல்லா சுத்திகரிச்ச எண்ணெயில அது அநேகமா இருக்காது. செக்குல ஆட்டினதுல தங்கிடும். மத்தவங்களுக்கு அதனால ஒண்ணும் இல்ல."

கிருபாவதி அகல்யாவைப் பார்த்தார்.

"எண்ணெய மாத்தினதைக்கூட விடு. கேட்டப்ப ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுங்க டீச்சர். உங்ககிட்ட அவ்வளவு பேசிட்டு…"

"என் பொண்ணு மூச்சு விடமுடியாம கிடந்தா."

அவர் திரும்பி மகளிடம் உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அகல்யாவுக்கு.

ஒரு நாள் கண்காணிப்பில் வைத்திருந்து ஃபேபியோலாவை அனுப்பினார்கள். லிஃப்டில் எதிர்ப்பட்டபோது அவள் வழக்கம்போல், "வேலைக்குக் கிளம்பிட்டீங்களாக்கா?" என்றாள். பக்கத்தில் நின்ற கிருபாவதி மாடி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அகல்யா அவர் பக்கம் திரும்பாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.