முட்டிவலி விசாரிப்பு

மழையில் சாமைச் சரக்கு மலையிலேயே மாட்டிக்கொண்டது. அதை வாங்கும் லண்டன்காரி பத்து நாள் அவகாசம் தராவிட்டால் ஆர்டர் போச்சு. உழவர் சங்கத் தலைவர் கொளஞ்சியப்பனின் மெயிலோ அவள் பொற்பாதம் பணிந்து, வம்சத்தை வாழ்த்தி, கடைசி வரியில்தான் விஷயத்துக்கு வந்தது.

சங்க ஆபீஸ் ஜெஸி அதை மாற்றி எழுதினாள்; "டியர் மிஸஸ் கார்ட்டர்" என்று தொடங்கி, மன்னிப்பையும் வேண்டுகோளையும் முதலில் வைத்தாள்.

"இன்னாம்மா, பாதத்தக் காணோம்?"

"கால்ல வுழுந்தா அவங்க பயந்துடுவாங்க சார். 'அவகாசம் தர இயலுமானால் நன்றியோடிருப்போம்'னு எழுதிக்கீறேன், அதான் அங்க மரியாதை."

"அவங்கம்மா முட்டிவலி? போன மெயில்ல சொன்னாங்களே!"

"கடைசில விசாரிச்சிக்கீறேன் சார்."

பதில் வந்தது: பத்து நாள் சம்மதம், அம்மா நடக்கிறார், விசாரித்ததற்கு நன்றி.

"பாத்தியா, என் முட்டிவலிதான் ஜெயிச்சுது!" என்ற தலைவர், ஜெஸியிடம் நன்றி மெயிலைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் வார்த்தை, பொற்பாதம்.