வெற்றுத்தாள்

உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. மனைவி போட்ட கொடுமை வழக்கை ரத்து செய்யக் கேட்டிருந்த கணவன், அவள் கையெழுத்தோடு சமரச மனுவும் சேர்த்திருந்தான். புகார் கொடுத்த மனைவி ஜெசிந்தாவை காவல் ஆய்வாளர் அடையாளம் காட்டினார்.

"விருப்பப்பட்டுத்தான் சமாதானமா போறீங்களாம்மா?" என்றார் நீதிபதி.

மாமியார் முறைப்பது முதுகில் உறைத்தது.

"கையெழுத்து என்னோடதுதான்யா. வெத்துத்தாள்ல வாங்குனாங்க. எனக்குச் சம்மதமில்ல."

கணவனின் வக்கீல் பதறினார். "அய்யா, அப்படின்னாலும் புகாரே பொய்!"

"குற்றம் நடந்ததா புகார்ல தெளிவா இருக்கு. பொய்யா நெசமான்னு சாட்சிகள விசாரிச்சு கீழ்க்கோர்ட்டு சொல்லட்டும். வழக்க ரத்து செய்யுற அதிகாரம் அத விசாரிக்கறதுக்கில்ல. மனு தள்ளுபடி" என்றார் நீதிபதி.

வெளியே மாமியார் மறித்தாள். "இன்னும் எத்தன வருசம்டீ கோர்ட்டுக்கு அலைவ?"

"பஸ்ஸு ஓடுற வரைக்கும் அத்தை."