அண்ணனுக்குக் கிடைத்த நாற்காலி

அந்த ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தராசு மேடம் என்பார்கள். சிறுநீரகப் பிரிவின் உணவு ஆலோசகர் அவள். அவள் அறைக்குள் யார் வந்தாலும் உட்காரும் முன்னே எடை பார்க்கும் மெஷினில் ஏறியாக வேண்டும். முகத்தை அப்புறம்தான் பார்ப்பாள் என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள்.

அன்று காலை மெஷினில் ஏறியவர், ஒரு பொது நூலகத்தில் புத்தகம் அடுக்கும் நாற்பத்திரண்டு வயதுக்காரர். தங்கைக்கு ஒரு சிறுநீரகம் தரப்போகிறவர். டயாலிசிஸ் வரை போகாமல் முன்கூட்டியே மாற்றிவிடலாம் என்பது டாக்டர்களின் திட்டம். ரத்தம் பொருந்திவிட்டது, இன்னும் என்னென்னவோ பொருந்திவிட்டன. அண்ணனின் எடை ஒன்றுதான் இடித்தது. மூன்று கிலோ இறங்கினால் கத்தி வைப்பேன் என்று சர்ஜன் சொல்லி ஆறு வாரம் ஆகியிருந்தது.

முள் அசைந்தது, யோசித்தது, நின்றது. போன தடவையைவிட இருநூறு கிராம் கூடுதல்.

"ஏறிடுச்சா மேடம்?" என்றார் அண்ணன். பரீட்சையில் தோற்ற பையனைப் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறிப் பார்த்தார். செருப்பு இருநூறு கிராம்கூட இல்லை போலிருக்கிறது.

தராசு மேடம் தன் குறிப்பைப் புரட்டினாள். அவள் கணக்கில் ஓட்டை இல்லை. நூலகத்தில் நாளெல்லாம் நடக்கிற ஆள் ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து நானூறு கலோரி செலவழிப்பார். சாப்பாட்டுக்கு இரண்டாயிரத்து நூறு எழுதிக் கொடுத்தாள். ஜிம்மில் நாற்பது நிமிட ஓட்டத்துக்கு இருநூற்றைம்பது. ஆக, தினமும் ஐந்நூற்றைம்பது குறைய வேண்டும். அப்படியிருக்க எடை ஏறினால் என்ன அர்த்தம்? நேற்று சர்ஜன் வராந்தாவில் நிறுத்திச் சொன்னது காதில் ஒலித்தது. "மனசார கொடுக்க இஷ்டமில்லாதவங்க சில பேர் இப்படித்தான் செய்வாங்க. வாயால மாட்டேன்னு சொல்ல முடியாம எடையால சொல்லுவாங்க. நீங்க எழுதிக் கொடுங்க, நான் ஆபரேஷனை நிறுத்திடறேன்."

அவள் பேனாவை எடுத்தாள். 'உணவுக் குறிப்பு நம்பத்தக்கதாக இல்லை' என்று பாதி எழுதிவிட்டாள்.

"சாப்பிட்டதை எழுதின நோட்டைக் காட்டுங்க. வேற ஏதாவது உள்ள போகுதா? கோபிச்சுக்க மாட்டேன்."

அண்ணன் வாயைத் திறக்கும் முன்னால் பக்கத்து நாற்காலி எகிறியது. அதில்தான் தங்கை இருந்தாள். ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கறுத்து, ஆனால் குரலுக்கு மட்டும் நோயே வராதவள்.

"என்ன மேடம், திருட்டுத்தனமா சாப்பிடறார்ங்கறீங்களா? ஒவ்வொரு கரண்டியும் நான் அளந்து போடறேன். எனக்குச் சமைக்கிற அதே பாத்திரத்துலதான் அண்ணனுக்கும்!"

"உங்க பாத்திரத்துலயா?"

"பின்னே? எனக்குப் புரதத்தைக் குறைச்சுக்கோன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? கிட்னி நாளைக்கு எனக்கு வரப்போவுது. இப்பவே பழக்க வேணாமா?"

"அதான் மேடம்" என்று பின்னால் நின்றிருந்த அண்ணி சேர்ந்துகொண்டாள். அண்ணனுக்கு மனைவி, வீட்டின் சமையல் மந்திரி. "முட்டை, மீன், பருப்பு எல்லாத்தையும் நிறுத்திட்டோம். அதுக்குப் பதிலா கஞ்சி, ரொட்டி, அவிச்ச கிழங்கு. நீங்க சொன்ன கலோரிக்கு ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல."

தராசு மேடத்தின் கையிலிருந்து பேனா நழுவித் தரையில் உருண்டது. அண்ணன் குனியப் போனார். அவ்வளவுதான், இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள்.

"நீங்க இருங்க!" "அண்ணா, அசையாதே!" தலையும் தலையும் மோதியதில் பேனா மேஜைக்கு அடியில் இன்னும் உள்ளே போய்விட்டது.

தராசு மேடம் அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டாள். "வீட்லயும் இப்படித்தானா?"

அண்ணன் பெருமூச்சு விட்டார். "வீட்ல மட்டுமா மேடம்? லைப்ரரியிலயும் விஷயம் தெரிஞ்சுபோச்சு. தள்ளுவண்டியைத் தொட விடமாட்டேங்கறாங்க, ஏணியை ஒளிச்சு வச்சுட்டாங்க. வாசல்ல மெத்தை போட்ட நாற்காலியைக் கொடுத்து, வர்றவங்களுக்கு வணக்கம் சொன்னா போதும்னுட்டாங்க. வீட்டுக்கு வந்தா தண்ணிகூட கைக்கு வந்துடுது. ரிமோட்டை இதோ, என் தங்கச்சி பாப்பா எடுத்துத் தருவா. ஜிம்முக்குப் போறதுதான் எனக்கு விடுதலை!"

"உங்க போன்ல அடி எண்ணிக்கை இருக்குமே, காட்டுங்க."

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஜிம்மையே எட்டிப் பார்க்காத நாட்களில், தினமும் பதினாலாயிரம் அடி. இப்போது, ஜிம் ஓட்டத்தையும் சேர்த்து, ஆறாயிரம்.

தராசு மேடம் முதல் நாள் நிரப்பிய படிவத்தைத் திருப்பினாள். 'வேலை: நூலகம், நாள் முழுக்க நடமாட்டம்.' அவள் கையெழுத்துதான். அதற்கப்புறம் அவள் ஒரு தடவைகூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. முகம் சுட்டது.

"தப்பு என்னுது. உங்கள நான் பொய்யர்னு எழுதப் போனேன்" என்று ஒப்புக்கொண்டாள். "ஜிம்முல ஓடறது மட்டும்தான் செலவுன்னு எல்லாரும் நினைக்கிறோம். வண்டி தள்றது, ஏணி ஏறறது, நிக்கறது, குனியறது, தண்ணி எடுக்க எழுந்து போறது, எல்லாத்தையும் கூட்டினா ஜிம்மைத் தூக்கிச் சாப்பிட்டுடும். உங்களுக்கு முன்னெல்லாம் அது மட்டுமே ஐந்நூறு கலோரி செலவாயிருக்கும். நாற்காலி முழுங்கிடுச்சு."

"அப்போ கஞ்சி?" என்றாள் அண்ணி, குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் போல.

"சாப்பிட்டதைச் செரிக்கவும் உடம்பு செலவு பண்ணணும்மா. புரதத்துல நூறு கலோரி சாப்பிட்டா இருபது முப்பது அதைச் செரிக்கறதுக்கே போயிடும். கஞ்சி, கிழங்குல அஞ்சுலேருந்து பத்துதான். கொழுப்புல அதுவும் இல்ல. நீங்க மாத்தினதுல ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கலோரி செலவு குறைஞ்சிருக்கும். சின்னதுதான். ஆனா ஐந்நூறோட சேர்த்துப் பாருங்க, நான் போட்ட கணக்கு முழுக்க காலி. அவர் கிட்னிக்கு ஒரு நோயும் இல்ல. புரதக் குறைப்பு உங்க நாத்தனாருக்கு மட்டும். அவருக்குப் பழைய சாப்பாட்டையே போடுங்க. அளவு மட்டும் என் கணக்கு."

தங்கையின் கண் நிறைந்துவிட்டது. "கெட்டுடக் கூடாதுன்னு பார்த்துக்கிட்டேன் மேடம். நானே கெடுத்துட்டேனா?"

"அடி பாப்பா" என்றார் அண்ணன், "ராஜா மாதிரி வச்சிருந்தே. ராஜாவுக்கு எப்பவும் தொப்பைதான்."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். தராசு மேடம் பாதி வரியை அழுத்தமாக அடித்தாள். நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள்: 'இவருடைய ஏணியைத் தயவுசெய்து திருப்பிக் கொடுக்கவும்.' சர்ஜனிடம் எட்டு வாரம் கேட்டு வாங்கினாள்.

எட்டு வாரமும் தங்கை ஏவல் ராணி ஆனாள். அண்ணா, தண்ணி. அண்ணா, மாடியில துணி காயுது. அண்ணா, கடையில உப்பு. உப்பு வந்ததும், அடடா, சர்க்கரையை மறந்துட்டேனே! அண்ணி முட்டையை உரித்து வைத்துவிட்டு வாயைப் பொத்திச் சிரிப்பாள்.

எட்டாவது வாரக் கடைசியில் மறுபடி அதே மெஷின். அண்ணன் செருப்பு, பெல்ட், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றினார். மோதிரத்தையும் கழற்றப் போனவரை அண்ணி முறைத்ததால் அது மட்டும் தப்பியது. முள் அசைந்தது, யோசித்தது. தங்கை மூச்சை விடவில்லை.

"முதல் நாளைவிட மூணு கிலோ நூறு கிராம் இறங்கியிருக்கு" என்றாள் தராசு மேடம். எழுத எடுத்த பேனா நழுவிக் கீழே விழுந்தது.

இந்தத் தடவை இரண்டு பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மெஷினிலிருந்து இறங்கி, நிதானமாகக் குனிந்து, பேனாவை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி, சர்ஜனுக்குப் போகிற தாளில் 'தகுதி' என்று எழுதினாள்.

"அண்ணா" என்றாள் தங்கை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர் சொல்ற வரைக்கும் நீ எழுந்திருக்கக் கூடாது. அப்போ ரிமோட்டை நான்தான் எடுத்துத் தருவேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி போய் லிஃப்ட் வந்துருச்சான்னு பாரு. வரலேன்னா படியில இறங்கு. வந்திருந்தாலும் படியிலயே இறங்கு!"