அட்டையில் இரண்டு வரி

தொழில்முனைவோர் சந்திப்புக்கு வருபவர்கள் தங்களைப் பற்றி இரண்டு வரி அனுப்ப வேண்டும், அது சட்டையில் குத்தும் அட்டையில் அச்சாகும் என்று ஏற்பாட்டாளர் எழுதியிருந்தார். "வேலை அனுபவம் வேண்டாம். அட்டையைப் படிக்கறவங்க உங்ககிட்ட வந்து பேசற மாதிரி எழுதுங்க" என்றும் சொல்லியிருந்தார்.

ஒரே வீட்டின் மருமகள்கள் இருவரும் போனார்கள்; மூத்தவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'சமையலறை வடிவமைப்பாளர். பதினாறு ஆண்டு அனுபவம்' என்று அனுப்பினாள். மண்டபத்தில் ஆட்கள் அதைப் படித்தார்கள், "ஓ, நல்லது" என்றார்கள், காபி பக்கம் நகர்ந்தார்கள்.

அதே தொழிலுக்கு மூன்று வருடம் முன்புதான் வந்த ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, ஜன்னலோரம் நின்றாள். அவளைச் சுற்றிக் கூட்டம். அவள் அட்டையில் இருந்தது: 'உங்கள் சமையலறையில் நீங்கள் திறக்கவே திறக்காத அலமாரி எது? ஏன் என்று நான் சொல்கிறேன்.'

"அடுப்புக்கு மேல இருக்கே, அதுதான்!" என்றார் ஒருவர்.

"எட்டாது, எட்டினாலும் கை சுடும். சரியா?"

சிரிப்பு. மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. தொழிலே என்னிடம் கற்றவள், இன்று வாயாலேயே பிழைக்கிறாள்.

அடுக்குமாடி கட்டும் நிறுவனத்தின் உரிமையாளர் வரப்போகிறார் என்று தெரியும். புதுக் கட்டடத்தின் அத்தனை சமையலறைகளும் ஒருவர் கைக்குத்தான் போகும். மூத்தவள் அட்டையைக் கழற்றித் திருப்பினாள். வரவேற்பு மேசையில் பேனா வாங்கி, பின்பக்கம் எழுதினாள்: 'நான் சொதப்பிய சமையலறையைப் பற்றிக் கேளுங்கள்.' ஓரகத்தி சொதப்பிய முதல் வேலையைத் தன்னுடையதுபோலச் சொல்லத் தொடங்கி, உண்மையில் அது யாருடையது என்று போகிற போக்கில் கசியவிடலாம் என்பது திட்டம்.

உரிமையாளர் அம்மாள் அட்டையைப் படித்து நின்றுவிட்டார். "எது அது?"

மூத்தவள் வாய் திறந்தாள். ஓரகத்தி காதுபடும் தூரத்தில் இருந்தாள். வந்த பதில் வேறு.

"என் வீட்டுதுதாங்க. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தா பாத்திரம் கழுவற தொட்டி பக்கம் ஆள் போக முடியாது. வரைபடத்துல கதவை மூடியே வரைஞ்சுட்டேன்."

"ஐயோ, எங்க வீட்டிலயும் அதே கதைதான்!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். பேச்சு நீண்டது. பிறகு ஜன்னல் பக்கம் கண் போயிற்று. "அங்க கூட்டமா இருக்கே, யாரு அவங்க?"

"தெரியலையே" என்றாள் மூத்தவள்.

"அக்கா!" ஓரகத்தி நேராக வந்து கையைப் பிடித்தாள்.

உரிமையாளர் இரண்டு முகங்களையும் பார்த்தார். "தெரியாதவங்கன்னாலும் பாசமாத்தான் கூப்பிடறாங்க." இரண்டு அட்டைகளையும் படித்தார். "நாளைக்கு ரெண்டு பேரும் ஆளுக்கொரு வரைபடத்தோட வாங்க. நல்லதை எடுத்துக்கறேன்."

அவர் போனதும் ஓரகத்தி மூத்தவளின் அட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எனக்குத் தோணலையேக்கா" என்றாள். உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. மாலை முழுக்கத் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்பது மூத்தவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.